எட்டுக்கு ஐம்பதுன்னா நாலுக்கு?

"எட்டு படம் ஐம்பது ரூபான்னா, நாலு படம் இருபத்தஞ்சுதானேண்ணே?"

பட்டுக்கோட்டையில் தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த சித்தப்பா தன் வாழ்நாளில் அதிகம் கேட்ட கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கேட்பவர் ஏமாற்றுகிறவர் இல்லை. கணக்கு தெரிந்தவர்தான். வெங்காயம் கிலோ ஐம்பது என்றால் அரைக் கிலோ இருபத்தைந்து. போட்டோ மட்டும் எப்படி வேறு மாதிரி இருக்க முடியும்? சித்தப்பா பதில் சொல்லத் தொடங்குவார். பாதியில் அடுத்த ஆள் வந்துவிடுவார். கடைசியில் முப்பது ரூபாய்க்கு நாலு படம் வெட்டிக் கொடுத்துவிட்டு, "இவனுங்களுக்கு எப்படிடா விளக்கறது" என்று அண்ணன் மகனைப் பார்த்துக் கேட்பார்.

அந்த அண்ணன் மகன்தான் இதை எழுதுகிறவன். ஸ்டூடியோவில் அவனுக்குப் பெயர் 'பையன்'. 1994 கோடை விடுமுறையில் பதினைந்து வயதில் எடுபிடி வேலைக்கு வந்து சேர்ந்தபோது வைத்த பெயர், தலை நரைத்த பிறகும் மாறவில்லை.

அன்றைக்குப் பாஸ்போர்ட் படம் என்றால் உண்மையிலேயே பாஸ்போர்ட்டுக்குத்தான். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போய்க்கொண்டே இருந்த ஊர் அது. திருச்சி பாஸ்போர்ட் ஆபீஸில் கொடுக்க, ஏஜென்ட்டிடம் கொடுக்க, மெடிக்கலுக்குக் கொடுக்க என்று கட்டுக்கட்டாகப் படம் வேண்டும். கறுப்பு வெள்ளையை சித்தப்பா தன் இருட்டறையிலேயே கழுவிப் பிரிண்ட் போடுவார். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிராண்டின் மீது அவருக்கு ஒரு பாசம் உண்டு. நம்ம ஊர் மலையில் செய்தது என்பார்.

சாதாரணமாக எடுத்தால் மறுநாள் மாலை படம் கிடைக்கும். 'அர்ஜென்ட்' என்றால் ஒரு மணி நேரம், காசு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது அநியாயமாகத் தெரிந்தது பையனுக்கு. அதே முகம், அதே கேமரா, அதே காகிதம். சீக்கிரம் கொடுப்பதற்கு எதற்கு இவ்வளவு?

சித்தப்பா வாயால் சொல்லவில்லை. இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கேமராவில் 36 படம் எடுக்கிற ரோல். அதில் ஏழுதான் எடுத்திருந்தது. சாதாரண வாடிக்கையாளர்கள் என்றால் ரோல் முடியும்வரை ஆள் சேரட்டும் என்று காத்திருக்கலாம். இந்த ஒருவருக்காக இப்போதே கழுவ வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, கேமராவைத் திறந்து, எடுத்தவரைக்கும் பிலிமைக் கைத்தடவலாகவே கத்தரித்தார். கத்தரித்த இடத்தில் இரண்டு மூன்று படங்களுக்கான பிலிம் வீண். மிச்சத்தின் நுனியைத் திரும்பச் சீவி மாட்டுவதில் இன்னொரு இரண்டு. ஏழு படத்துக்காக ஒரு டேங்க் டெவலப்பர் கலக்க வேண்டும். அது 36 படத்தையும் கழுவியிருக்கும். பிறகு ஹைப்போ, தண்ணீர். நெகட்டிவ் தானாகக் காய இரண்டு மணி நேரமாவது ஆகும் என்பதால், ஸ்பிரிட்டில் ஒரு முக்கு முக்கி மின்விசிறிக்கு அடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். ஸ்பிரிட் வாசனையும் ஹைப்போவின் புளிப்பு வாடையும் கலந்து அந்த அறையில் நின்றது பையனுக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

"அவர் தர்ற கூடுதல் காசுல பாதி இந்தக் குப்பைக்கூடைக்குப் போகுது" என்றார், வெட்டி எறிந்த பிலிம் சுருளைக் காட்டி.

இன்னொரு நஷ்டமும் இருந்தது. அது பல மாதம் கழித்துத்தான் தெரிய வரும். அவசரத்தில் பிரிண்ட்டைத் தண்ணீரில் போதிய நேரம் அலசாவிட்டால் ஹைப்போ காகிதத்திலேயே தங்கிவிடும். படம் கொடுக்கும்போது பளிச்சென்று இருக்கும். ஓராண்டில் ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறும். "என்ன சார், பழைய படம் மாதிரி ஆயிடுச்சு" என்று யாராவது கொண்டு வந்து காட்டினால் சித்தப்பா மறுபேச்சு பேசாமல் புதிதாகப் போட்டுத் தருவார். அந்த இலவசப் படத்தின் செலவும் அர்ஜென்ட் கட்டணத்துக்குள்தான் இருந்தது.

கலர் வந்ததும் இருட்டறைக்குப் பூட்டு. பிலிம் தஞ்சாவூர் லேபுக்குப் பஸ்ஸில் போய், மறுநாள் பஸ்ஸில் பிரிண்ட்டாக வரும். கண்டக்டருக்கு டீக் காசு. அப்புறம் டிஜிட்டல் கேமரா வந்தது. அப்போதும் கொஞ்ச காலம் படத்தை சிடியில் எழுதி அதே பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், கடையில் நல்ல பிரிண்டர் இல்லாததால். ஆறு கலர் இங்க் பிரிண்டர் மேஜைக்கு வந்தபோதுதான் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லாமல் போனது. கத்தரிக்கப் பிலிம் இல்லை, கலக்க டெவலப்பர் இல்லை, பஸ் இல்லை. ஆனால் பலகையில் 'அர்ஜென்ட்' என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது. எதற்காக வாங்குகிறோம் என்பது வாங்குகிறவருக்கே மறந்து போயிருந்தது.

நடுவில் 2012-ல் அதற்கு ஒரு புதுக் காரணம் கிடைத்தது. மின்வெட்டு. தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத மாதங்கள் அவை. கரண்ட் வரும்வரை காத்திருந்தால் வழக்கமான விலை. இப்போதே வேண்டுமென்றால் வாசலில் இருக்கிற ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்க வேண்டும். பெட்ரோல் காசு கண்ணுக்குத் தெரிந்ததால் யாரும் வாதாடவில்லை. "மோட்டார் போட்டுடுங்கண்ணே, நான் தர்றேன்" என்று அவர்களாகவே சொன்னார்கள். காசு எங்கே போகிறது என்று காதில் சத்தமாகக் கேட்டால் வாடிக்கையாளருக்கு மனம் ஆறுகிறது. கரண்ட் சரியானதும் பழைய சண்டை திரும்ப வந்தது.

2015-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பையன் அதற்குள் கணக்குப் படித்து, வேறு ஊரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கடையை மூடிவிட்டு இருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்தார்கள். எட்டுப் படத்துக்கு ஒரு விலை என்பதை விளக்கி அலுத்துப்போய், சித்தப்பா அப்போது படத்துக்கு எட்டு ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார், குறைந்தது நாலு. கூட்டத்துக்குக் குறைவில்லை. மாதக் கடைசியில் மட்டும் கையில் ஒன்றும் நிற்பதில்லை.

முதலில் கடைச் செலவு. வாடகை 5,000. உதவிக்கு இருந்த பெண்ணின் சம்பளம் 6,000. கரண்ட் 1,500. கேமரா, விளக்கு, கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் தேய்கிற கணக்கில் மாதம் 2,500. இந்தக் கடைசி வரியை சித்தப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "அதெல்லாம் வாங்கியாச்சேடா" என்றார். போன வருடம் பிரிண்டர் ஹெட் அடைத்துக்கொண்டு புதிது வாங்கியதை நினைவுபடுத்தியதும் விட்டுவிட்டார். மொத்தம் 15,000. மாதம் 25 நாள் என்றால் நாளுக்கு 600. கல்யாண ஆல்பம், லேமினேஷன், பிரேம் வேலைகள் பாதியைத் தாங்கட்டும். பாஸ்போர்ட் படத்தின் பங்கு 300. சராசரியாக நாளுக்கு 20 பேர் வருகிறார்கள். ஆக, கேமராவைத் தொடும் முன்பே தலைக்கு 15 ரூபாய்.

அடுத்தது காகிதம், இங்க், ஒரு பிளாஸ்டிக் உறை, பத்தில் ஒன்று வீணாவது. எல்லாம் சேர்த்து ஒரு தாளுக்கு 6 ரூபாய்.

மூன்றாவது சித்தப்பாவின் கூலி. அதை அவர் எப்போதுமே எழுதியதில்லை. மிஞ்சினால் கூலி, மிஞ்சாவிட்டால் இல்லை. பையன் விடாமல் நாளுக்கு 500 என்று எழுதினான். ஒருவரை உட்காரவைத்து, முடியைச் சரி செய்யச் சொல்லி, மூன்று நான்கு எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பின்னணியை வெள்ளையாக்கி, முகத்தில் நிழல் எடுத்து, பிரிண்ட் போட்டு, வெட்டிக் கொடுக்க 12 நிமிடம். இருபது பேருக்கு நாலு மணி நேரம், அதாவது அரை நாள். தலைக்கு 12 ரூபாய் 50 காசு.

கூட்டினால் 33 ரூபாய் 50 காசு. நாலு படத்துக்கு அவர் வாங்கியது 32.

சித்தப்பா நோட்டைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு தடவை கூட்டினார்.

இருபது பேரில் பதினாலு பேர் நாலு படம்தான் வாங்கினார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்றரை ரூபாய் போகிறது. எட்டு படம் வாங்கிய ஆறு பேர் 64 ரூபாய் கொடுத்தார்கள். அவர்களுக்கான செலவும் அதே 33.50-தான். ஏனென்றால் 4-க்கு 6 அங்குலத் தாளில் எட்டு படம் தானாகவே அமைகிறது. அந்தத் தாள் 152 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய 102 அகலம். பாஸ்போர்ட் படம் 35-க்கு 45. நீளவாக்கில் நாலு வைத்தால் 140, அகலவாக்கில் இரண்டு வைத்தால் 90. சுற்றிலும் கத்திக்குக் கொஞ்சம் இடம் மிச்சம். நாலு கேட்டவருக்கும் இதே தாள்தான் பிரிண்டருக்குள் போகிறது. பாதி வெள்ளையாக வெளியே வரும், அவ்வளவுதான். அந்த ஆறு பேர்தான் அதுவரை பதினாலு பேரின் நஷ்டத்தையும் சுமந்து, கடையையும் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பாதித் தாள்ல இன்னொருத்தரைப் போட்டா?" என்று சித்தப்பா கேட்டார். அதையும் அவர் முன்பு செய்து பார்த்தவர்தான். மிச்சமாவது மூன்று ரூபாய். அதற்காக முதல் ஆளை இரண்டாவது ஆள் வரும்வரை உட்காரவைக்க வேண்டும். ஒரு தடவை இரண்டு பேரின் படமும் உறை மாறிப்போய், பேங்க் பாரத்தில் ஒட்டப் போன பிறகுதான் ஒருவர் உறைக்குள் வேறு யாரோ சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

ஆகவே புது விலை: ஒரு தாள், எட்டு படம், 50 ரூபாய். அதே உட்காருதலில் இரண்டாவது தாள் வேண்டுமென்றால் 20. செலவு 6 ரூபாயும் வெட்டுகிற இரண்டு நிமிடமும்தான் என்பதால் இதில் தாராளம் காட்ட முடிந்தது. பதினாறு படம் பழைய கணக்கில் 128, இப்போது 70. கொஞ்ச நாள் கழித்து வந்து அதே படம் கேட்டால் எட்டுக்கு 30. எடுக்கிற வேலை இல்லை. ஆனால் தேடுகிற வேலை இருக்கிறது. போன மாதம் வந்த நீலச் சட்டைக்காரர் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்நூறு முகங்களைப் புரட்டுவது எவ்வளவு நேரம் என்பது செய்தவருக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து உறையின் மேல் தேதியையும் பைல் எண்ணையும் பேனாவால் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். உறையைக் கொண்டு வந்தால் 25.

பலகை எழுதுகிறவரிடம் சித்தப்பா சொன்ன வாசகம்தான் ஊரில் பேச்சானது.

4 படம் – ரூ.50
8 படம் – ரூ.50

எழுதுகிறவர் தூரிகையை நிறுத்திவிட்டு, "அண்ணே, தப்பா சொல்றீங்களா?" என்று கேட்டாராம். தப்பில்லை. வெங்காயக் கணக்குப் போடுகிறவர் பலகையைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நிற்பார். சிரிப்பார். "அப்ப எட்டே குடுங்க" என்பார். பத்து வருடமாக வாயால் விளக்க முடியாததை அந்த இரண்டு வரி விளக்கிவிட்டது. இதில் பையனுக்குப் பங்கில்லை. அவன் நோட்டில் எழுதியது வெறும் '8 படம் 50' மட்டும்தான்.

எல்லோரும் சிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்ச் சாரியில் இன்னொரு கடை நாலு படம் முப்பதுக்குக் கொடுத்தது. முதியோர் பென்ஷனுக்கு ஒரே ஒரு படம் ஒட்ட வேண்டியவருக்கு எட்டு எதற்கு? அப்படிப்பட்டவர்கள் அங்கே போனார்கள். முதல் மாதம் சராசரி இருபதிலிருந்து பதினேழாக இறங்கியது. சித்தப்பா போனில் புலம்பினார். கணக்கைப் பார்த்தால் வேறு கதை. முன்பு நாளுக்கு 832 ரூபாய் வந்து தாள் செலவு 120 போக 712 நின்றது. இப்போது பதினேழு பேரிடம் 850, அவர்களில் ஐந்து பேர் இரண்டாவது தாள் வாங்கியதில் 100. தாள் செலவு 132 போக 818. மூன்று பேர் குறைந்ததில் ஏறக்குறைய அரை மணி நேரம் கையிலும் மிச்சம். ஆனாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போன அந்த மூன்று முதுகுகளைத்தான் அவர் கண் எண்ணிக்கொண்டிருந்தது. கடை வைத்திருக்கிற யாருக்கும் இது புரியும்.

அர்ஜென்ட் கட்டணத்தில்தான் இருவரும் தடுக்கி விழுந்தார்கள். அதற்குக் காரணம் பையன்.

பிரிண்ட் ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது. பிறகு அதில் எதற்குக் காசு? பையனின் பதில், வரிசையை முந்துவதற்கு என்பது. முந்துகிறவர் 20 ரூபாய் கூடத் தரட்டும். காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. ஜூன் மாதம் வந்தது. பள்ளி, கல்லூரிச் சேர்க்கை. காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை பெஞ்சில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் பத்தரைக்குள் எங்கேயோ போக வேண்டும். முதல் நாளே ஆறு பேர் இருபது ரூபாயை நீட்டினார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டார் சித்தப்பா. ஆறு பேரும் அர்ஜென்ட் என்றால் ஆறு பேருக்குள் ஒரு வரிசை. கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. "எதுக்குய்யா இருபது ரூவா வாங்கினே?" என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. காசு கொடுக்காத இரண்டு பேர் ஏற்கெனவே எழுந்து போயிருந்தார்கள். அன்று வசூல் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை.

அதன்பிறகு வந்த ஏற்பாடு சித்தப்பாவும் அந்த உதவிப் பெண்ணும் பேசி வைத்தது. பெஞ்சில் யாரும் இல்லையென்றால் அர்ஜென்ட் என்று ஒன்று கிடையாது, யாரை முந்துவது? கூட்டமிருந்தால் மணிக்கு ஒருவருக்கு மட்டும் அர்ஜென்ட். அந்த ஒருவருக்கு 15 நிமிடம் என்று நேரம் எழுதின சீட்டு. பதினாறாவது நிமிடம் ஆனால் இருபது ரூபாய் திரும்ப வந்துவிடும். இரண்டாவதாகக் கேட்கிறவரிடம் "இப்ப அர்ஜென்ட் இல்லைங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட வேண்டும். காசை நீட்டுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்வதுதான் சித்தப்பாவுக்குக் கடைசிவரை கைவராத வித்தை. அந்தப் பெண் சுலபமாகச் சொன்னாள். ஆகவே ஜூன் மாதத்தில் கல்லாவில் அவளே உட்கார்ந்தாள்.

அவள் சொன்ன இன்னொரு யோசனை இன்னும் நன்றாக வேலை செய்தது. படம் எடுத்துக்கொண்டு போய்விட்டு மாலை ஆறு மணிக்கு மேல் வந்து வாங்கினால் 40 ரூபாய் போதும். காலையில் படம் எடுப்பது மட்டும் மூன்று நிமிடம். மிச்ச ஒன்பது நிமிட வேலையைக் கூட்டமில்லாத மதியத்துக்குத் தள்ளிவிடலாம். உள்ளூர்க்காரர்கள் இதை விரும்பினார்கள். பெஞ்ச் பாதி காலியானது. இருபது கூடக் கேட்டபோது முறைத்தவர்கள், பத்து குறைத்தபோது மாலை வரை சந்தோஷமாகக் காத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு 50 ரூபாய்க்கே சீக்கிரம் கிடைத்தது.

அவசரம் என்றாலும் காசு கேட்காத வேலை ஒன்று உண்டு. இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, மடிப்பு விழுந்த ஒரு கல்யாண குரூப் போட்டோவை நீட்டி, மூன்றாவது வரிசையில் நிற்கிறவரைத் தனியாகப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டும். அதற்கு விலைப்பட்டியலே இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வார். சிலர் ஒரு மாதம் கழித்து வந்து கொடுப்பார்கள்.

எட்டுப் படக் கணக்கு எல்லா அளவுக்கும் பொருந்தாது என்பதை ஒரு மலேசியா விசா கற்றுக்கொடுத்தது. ஒரு இளைஞர் வந்து மலேசியாவுக்குப் படம் கேட்டார். கடையில் கூட்டம். வழக்கமான 35-க்கு 45-ல் எட்டு வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாலு நாளில் சென்னை ஏஜென்ட்டிடமிருந்து படம் திரும்பி வந்தது. வேண்டியது 35-க்கு 50. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். புதுப் படம் இலவசமாகப் போட்டு, கூரியர் காசும் கடையிலிருந்தே போனது. திரும்ப எடுக்கும்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. அகலவாக்கில் இரண்டு 50 வைத்தால் 100; தாள் இருப்பதோ 102-க்குக் கொஞ்சம் குறைவு. கத்தி நகர இடமில்லை. குறுக்காகத் திருப்பி வைத்தால் ஆறுதான் வரும்.

அமெரிக்க விசாவின் 2-க்கு 2 அங்குலப் படம் இன்னும் குறும்பு. கணக்கில் தாளுக்கு ஆறு கச்சிதமாக அமைகிறது. ஆனால் ஓரம் விடாமல் அடிக்கிற முறையில் பிரிண்டர், வெள்ளைக் கோடு தெரியாமலிருக்கப் படத்தைத் துளி பெரிதாக்கி, தாளுக்கு வெளியேயும் கொஞ்சம் தெளிக்கும். திரையில் 51 மில்லிமீட்டராக இருந்தது தாளில் அதைத் தாண்டிவிடும். தலையும் அதே அளவுக்குப் பெருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வெட்டும் முன் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே சுற்றிலும் ஓரம் விட்டு இரண்டே இரண்டு போட்டார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டும். 2016 நவம்பரிலிருந்து அந்த விசாவுக்குக் கண்ணாடி போட்ட படம் ஆகாது. வெளிநாட்டு அளவு என்றால் எத்தனை படம் வந்தாலும் 100 ரூபாய் என்று தனி வரி பலகையில் ஏறியது. அதில் தாள் விலை பெரிதில்லை. எந்த நாடு, என்ன அளவு, தலை எவ்வளவு உயரம் என்று பார்த்து அடிக்கிற நேரமும், திரும்பி வந்தால் சும்மா போட்டுத் தருகிற பொறுப்பும்தான் அந்த நூறு. அளவை வாடிக்கையாளரே தப்பாகச் சொல்லியிருந்தால் பாதி விலை. தகராறு வராமலிருக்க, அவர் சொன்ன அளவை ரசீதில் எழுதி அவரையே ஒரு தடவை படிக்கச் சொல்வார்கள்.

கைக்குழந்தைக்கும் நூறுதான். பெரியவர்களின் படத்தைப் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலேயே எடுத்துக்கொள்கிற காலம் வந்துவிட்டதால், 'பாஸ்போர்ட் படம்' என்ற பெயரில் கடையில் எடுத்ததில் பெரும்பகுதி ரேஷன் கார்டுக்கும் பேங்க் பாரத்துக்கும் ஹால் டிக்கெட்டுக்கும்தான் போனது. நிஜமான பாஸ்போர்ட்டுக்குப் படம் கொண்டுவரச் சொல்வது நாலு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்கு மட்டும்தான். அந்த வாடிக்கையாளரோ உட்கார மாட்டார். அம்மா வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். சித்தப்பா ஒரு கையில் சாவிக்கொத்தைக் குலுக்குவார். இரண்டு கண்ணும் திறந்து, வாய் மூடி, அம்மாவின் விரல் தெரியாமல் ஒரு படம் கிடைக்க முப்பது நாற்பது எடுக்க வேண்டியிருக்கும். சில நாள் குழந்தை தூங்கிவிடும். பால் கொடுத்து எழுப்பி மதியம் வரச் சொல்வார். யாரும் அந்த நூறு ரூபாய்க்கு வாதாடியதில்லை. அரை மணி நேரம் அவர் படுகிற பாட்டை எதிரிலேயே நின்று பார்க்கிறார்களே.

பிறகு காகிதமே வேண்டாம் என்கிற கூட்டம் வந்தது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கடைசி நாள், இரவு. "அண்ணே, பிரிண்ட் எல்லாம் வேணாம், போட்டோவை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க." கூடவே, "அதுக்கு எவ்வளவு, சும்மாதானே?" எட்டுக்கு ஐம்பது என்றால் நாலுக்கு இருபத்தைந்து, சைபருக்கு? வெங்காயக் கணக்கின்படி சைபர்தான். ஆனால் மிச்சமாவது தாளின் 6 ரூபாயும் வெட்டுகிற நேரமும் மட்டும். அதற்கு ஈடாக வேறு வேலை வந்து சேர்கிறது. படம் 20 கேபி-க்குக் குறையாமலும் 50-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். முகம் கட்டம் கட்டமாக உடையாமல் அந்த அளவுக்குள் இறக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்தை வாங்கி, அதையும் படமாக்கி 20 கேபி-க்குள் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது தன் பங்குக்குப் படத்தை இன்னொரு தடவை நசுக்கி அளவை மாற்றிவிடும் என்பதால், டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும். சித்தப்பா முதலில் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் சாப்ட் காப்பி மட்டும் 40, எட்டு படத்தோடு சேர்த்தால் 60 என்று மாற்றினார். இருபது ரூபாய்தானே கூட என்று பெரும்பாலோர் எட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். தேர்வுக்குப் போகிற அன்று ஒட்டுவதற்கு ஒன்று தேவைப்படலாம் என்று அவர்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

பையன் போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது கல்லாவில் அந்தப் பெண்தான் இருந்தாள். சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மற்ற விலைகள் ஏறியிருந்தன. அந்த இரண்டு வரிகளிலும் அதே ஐம்பது இருப்பது மட்டும் மாறவில்லை.

ஒரு அம்மா வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் சுருக்குப் பை.

"போன மாசம் வந்தேனே, நாலு போதும்னு வாங்கிட்டுப் போனேன். ஞாபகம் இருக்கா?"

அந்தப் பெண்ணுக்கு இருந்தது. எட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, வீட்டில் வைத்தால் பேரப் பிள்ளைகள் கிழித்துவிடும் என்று நாலை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர். மிச்சம் நாலு மேஜை டிராயரில் கிடந்தது. எடுத்து உறையில் போட்டு நீட்டினாள்.

"எவ்வளவும்மா?"

"ஒண்ணும் வேணாம்மா. அன்னைக்கே குடுத்துட்டீங்க."

அந்த அம்மா உறையைப் பிரித்து நாலையும் எண்ணிப் பார்த்தார். பிறகு பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு நாலுக்குக் குடுத்தது இருபத்தஞ்சுதான். நான் சொன்னேன்ல?"

பெஞ்சில் செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. சித்தப்பா வாயைத் திறந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.